கோடிப் புள்ளிகளைத் திரையில் வரைதல்

நாயுடுபேட்டையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் 10 கிலோமீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்ட பகுதி, சதுர மீட்டருக்கு 100 புள்ளிகள் வீதம் லேசர் கருவியால் அளக்கப்படுவதாகக் கொள்ளலாம். மொத்தம் 6 கோடிப் புள்ளிகள் சேரும். ஆனால் 1920 × 1080 அளவுள்ள கணினித் திரையில் ஏறக்குறைய 20 லட்சம் படப்புள்ளிகளே உள்ளன. ஆகவே அனைத்தையும் வரைவது வீண் உழைப்பாகும்.

இதற்காகப் புள்ளிகள் முன்னரே படிநிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. பரப்பு முழுவதையும் அடக்கும் ஒரு கனசதுரம் எட்டாகவும், அவை ஒவ்வொன்றும் மீண்டும் எட்டாகவும் பிரியும். மேற்படியில் அரிதாகப் பொறுக்கிய புள்ளிகளே இருக்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் இடைவெளி பாதியாகும். அருகிலுள்ள பகுதி கடைசிப் படி வரையிலும், தொலைவிலுள்ளது மேற்படிகளைக் கொண்டும் வரையப்படும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான போட்ரீ என்னும் மென்பொருள் இம்முறையைக் கையாளுகிறது.

அடுத்தது புள்ளியின் பருமன். செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகையானால், 20 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் நீளம் திரையில் சுமார் 47 படப்புள்ளிகளாகும். இடைவெளி 10 செ.மீ. ஆதலால் புள்ளி ஒன்றுக்கு 5 படப்புள்ளி அகலம் தேவை. குறைந்தால் சுவரின் ஊடே பின்னுள்ளவை தெரியும். 200 மீட்டர் தொலைவில் 40 செ.மீ. இடைவெளியுள்ள படியே போதும்; அங்கு 2 படப்புள்ளி அகலம் பொருந்தும்.

மேற்படிப் புள்ளிக்கு அப்படியின் இடைவெளியையே அளவாகக் கொள்வது வழக்கமான பிழை. அருகில் அது 19 படப்புள்ளி அகலத்திற்குப் பரவிச் சாலையின் ஓரக்கல்லை மறைத்துவிடும். படம் திட்டுத்திட்டாகத் தோன்றுவதே இதன் அடையாளம். அவ்விடத்தில் வரையப்பட்ட மிக நுண்ணிய படியின் இடைவெளியே எல்லாப் புள்ளிகளுக்கும் அளவாக வேண்டும்.

பருமன் இடைவெளியை மூடுகிறதேயன்றிப் புதிய அளவீட்டைத் தருவதில்லை. எனவே சாலை விளிம்பையோ நில எல்லையையோ முடிவு செய்யும் அலுவலர், படத்தின் தோற்றத்தை அன்றி, மூலப் புள்ளிகளின் ஆயங்களையே அளவுக்குக் கொள்ள வேண்டும்.