சுமை ஏறும்போது நின்றுபோகும் கணினி: வோல்ற்றளவுச் சீராக்கியை ஐயுறுவது எப்போது?

கணினி இடையில் நின்றுபோவதற்கான காரணங்களை எழுதுமாறு கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் மூன்றை எழுதுவர்: நினைவகம் பழுது, வன்தட்டு பழுது, வலு வழங்கி பழுது. மூன்றும் ஏற்கத்தக்க விடைகளே. ஆயினும் இம்மூன்றையும் சோதித்து நல்லவை எனக் கண்ட பின்னரும், பாரமான வேலை கொடுக்கும்போது மட்டும் கணினி நின்றால் எங்கே தேடுவது? வலு வழங்கிக்கும் செயலிக்கும் இடையில், தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ள வோல்ற்றளவுச் சீராக்கியைத் தேட வேண்டும். இது பலருடைய கண்ணில் படுவதில்லை.

வலு வழங்கி தருவது 12 வோல்ற்று. செயலிக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 1.25 வோல்ற்று. இந்த மாற்றத்தைச் செய்வதே சீராக்கியின் வேலை. விஞ்ஞான பாடத்தில் கற்ற P = VI என்னும் சமன்பாட்டை இங்கே பிரயோகித்துப் பாருங்கள். செயலி 65 உவாற்று வலுவைப் பயன்படுத்துகிறது எனக் கொள்வோம்.

```
I = P / V = 65 / 1.25 = 52 A
```

வலு வழங்கியிலிருந்து 12 வோல்ற்றில் வரும் மின்னோட்டம் ஆறு அம்பியர் அளவுதான். ஆனால் சீராக்கியிலிருந்து செயலிக்குப் போவது 52 அம்பியர். கணினி சும்மா இருக்கும்போது இதில் சிறு பங்கே போதும். ஆகவே பலவீனமான சீராக்கி சும்மா இருக்கும் கணினியைத் தாங்கும். வேலை ஏறும்போதுதான் கைவிடும்.

இவ்வளவு மின்னோட்டத்தையும் ஒரே பாதையில் அனுப்புவதில்லை. செயலியைச் சுற்றிப் பார்த்தால் சிறு பெட்டி போன்ற தூண்டற் சுருள்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் அருகே ஆளிகளாகத் தொழிற்படும் தட்டையான திரான்சிற்றர்களும், உருளை வடிவக் கொள்ளளவிகளும் இருக்கும். ஒரு சுருளும் அதற்குரிய திரான்சிற்றர்களும் சேர்ந்தது ஒரு கட்டம். மூன்று கட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 அம்பியரைச் சுமக்கும். ஒரு கட்டம் செயலிழந்தால் மற்றைய இரண்டும் 26 அம்பியர் வீதம் சுமக்க நேரிடும். தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம் என்பதால், அவ்விரண்டிலும் அவ்வெப்பம் 2.25 மடங்காகும். இந்நிலையில் கணினி தொடங்கும், வேலையும் செய்யும். ஆனால் சூடேறிய பின் நிற்கும்.

இனி ஒரு பிரசினத்தை எடுத்துக்கொள்வோம். பாடசாலைக் கணினிக் கூடத்தில் 2008ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட மேசைக் கணினி ஒன்று உள்ளது. தட்டச்சு செய்தால் நாள் முழுவதும் இயங்குகிறது. மாணவர்கள் ஒளிப்படக் காட்சியைத் தொகுத்துச் சேமிக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் திரை கறுத்து, கணினி மீளத் தொடங்குகிறது. செய்த வேலை முழுவதும் போய்விடுகிறது. MemTest86 இரவு முழுவதும் ஓடியும் வழு எதுவும் இல்லை. வன்தட்டுச் சோதனையும் சரி. வேறொரு நல்ல வலு வழங்கியை மாட்டியும் அதே நிலைதான். அப்போது சுமையின் கீழ் நான்கு முனைச் செருகியில் அளந்தால் 11.9 வோல்ற்று. அனுமதிக்கப்பட்ட வீச்சு 11.4 முதல் 12.6 வரையாதலால் இதிலும் குறையில்லை. செயலியின் வெப்பநிலை 62 பாகை செல்சியஸ். அதுவும் அபாயமான அளவன்று.

MemTest86 சித்தியடைந்ததைக் கண்டு ஏமாறக் கூடாது. அது நினைவகத்தையே வருத்துகிறது. செயலியை அதன் முழு வலுவுக்கு ஏற்றுவதில்லை. எனவே சீராக்கி அங்கே சோதனைக்கு உட்படவேயில்லை. செயலியை முழுமையாக ஏற்றுவதற்கு Prime95 இல் Small FFTs என்னும் தெரிவு உண்டு. அதனை ஓடவிட்டபோது இக்கணினி ஒன்பது நிமிடத்தில் நின்றது.

அடுத்த படிதான் முக்கியமானது. விண்டோஸின் வலுத் தெரிவுகளில் Maximum processor state என்பதை 50% ஆகக் குறைத்து அதே சோதனையை மீண்டும் ஓடவிட்டார்கள். செயலியின் வேகம் குறைந்தது, மின்னோட்டமும் குறைந்தது. கணினி மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. பின்பு வேகத்தை முழுமையாக்கி, சீராக்கிப் பகுதியை நோக்கி ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்தார்கள். ஒன்பது நிமிடம் நாற்பது நிமிடமாக நீண்டது. செயலியின் வெப்பநிலை முன்னரே நல்ல நிலையில் இருந்தபடியால், விசிறி உதவியது பெரும்பாலும் சீராக்கிக்கே எனக் கொள்ளலாம்.

இத்துடன் முடிவு கட்டிவிடலாமா? இல்லை. செயலியே பழுதாக இருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். ஆகவே செயலியைக் கழற்றி, பொருத்தமான வேறொரு தாய்ப்பலகையில் இட்டு அதே சோதனையைச் செய்ய வேண்டும். அங்கே நிற்காமல் ஓடினால் குற்றம் பழைய பலகையினுடையது. நமது பிரசினத்தில் அப்படியே நடந்தது.

பின்பு பலகையை நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோது, செயலிக்கு அருகே இரண்டு கொள்ளளவிகளின் மேற்பகுதி புடைத்திருந்தது. ஒன்றில் மண்ணிறக் கசிவும் காணப்பட்டது. நல்ல கொள்ளளவியின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உள்ளிருக்கும் மின்பகுபொருள் கெட்டு வாயு உண்டாவதால் தலை புடைக்கிறது. அதன் அகத்தடையும் கூடுகிறது. எனவே செயலி திடீரென மின்னோட்டம் கேட்கும்போது கொள்ளளவியால் உடனே கொடுக்க முடியாமல் வோல்ற்றளவு ஒரு கணம் சரிகிறது. 2000களின் தொடக்கத்தில் தரங்குறைந்த மின்பகுபொருளால் பெருந்தொகையான தாய்ப்பலகைகள் இவ்வாறே கெட்டன. ஆனால் புடைப்பு இல்லாவிட்டால் கொள்ளளவி நல்லது என்று எழுதிவிடாதீர்கள். புடைக்காமலேயே உலர்ந்துபோவதும் உண்டு. காலையில் குளிர்ந்த நிலையில் தொடங்க மறுத்து, சற்றுச் சூடான பின் ஒழுங்காக இயங்கும் கணினியில் இதையே முதலில் ஐயுற வேண்டும். குளிரில் இவ்வகைக் கொள்ளளவியின் அகத்தடை மேலும் கூடும். சூடேறியபின் நிற்பது திரான்சிற்றரின் பக்கம் சாயும் அறிகுறி. இரண்டும் ஒரே பலகையில் சேர்ந்து காணப்படலாம்.

CPU-Z போன்ற மென்பொருளில் செயலியின் வோல்ற்றளவைப் பார்ப்போரும் உண்டு. சுமையின் கீழ் 1.25 என்பது 1.19 ஆகக் குறைந்தால் பயப்பட வேண்டாம். சுமைக்கேற்பச் சற்று இறங்குமாறே சீராக்கியை அமைத்திருக்கிறார்கள். கணப்பொழுதில் நிகழும் சரிவை மென்பொருளோ சாதாரண மல்ரிமீற்றரோ காட்டாது. அதற்கு அலைவுகாட்டி வேண்டும். இயங்கும் பலகையில் மல்ரிமீற்றரின் முனையை வைப்பதையும் மாணவர்கள் செய்யக் கூடாது: முனை வழுக்கி இரண்டு புள்ளிகள் தொடுக்கப்பட்டால் நல்ல செயலியும் எரிந்துபோகும்.

புடைத்த கொள்ளளவிகளைத் திருத்துநர் மாற்றலாம். புதியது அதே கொள்ளளவம், அதே அல்லது கூடிய வோல்ற்றளவு, குறைந்த அகத்தடை, 105 பாகை செல்சியஸ் தரம் ஆகியவற்றைக் கொண்டிருக்க வேண்டும்; முனைவுகளும் மாறக் கூடாது. திரான்சிற்றர் கருகிய பலகையை நான் திருத்தச் சொல்லமாட்டேன், புதிய பலகையே மலிவாக முடியும். அதுவரை கணினியைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமாயின், வேகத்தை 50% இல் வைத்துத் தட்டச்சு வேலைக்கு மட்டும் விடலாம்.

மாதிரி வினா: ஒரு கணினி முழுச் சுமையில் நிற்கிறது, செயலியின் வேகத்தைக் குறைத்தால் நிற்பதில்லை. நினைவகம், வன்தட்டு, வலு வழங்கி, செயலியின் வெப்பநிலை ஆகியன சரியாக உள்ளன. அடுத்துச் செய்ய வேண்டியது யாது?

விடை: செயலியை நல்ல தாய்ப்பலகை ஒன்றில் இட்டு முழுச் சுமையில் சோதித்தல். அங்கு நிற்காவிடின் பழைய பலகையின் சீராக்கிப் பகுதியைப் பரிசோதித்தல். “வலு வழங்கியை மாற்றுதல்” என்று எழுதினால் புள்ளி இல்லை. அது நல்லதென்று வினாவிலேயே தரப்பட்டுள்ளது.