பிள்ளையின் படம்: வீட்டுக்கு எந்தக் கடிதத்தை அனுப்புவது?

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, ஒக்டோபரில் சிறுவர் தினமும் ஆசிரியர் தினமும், பிறகு வாணி விழா, ஒளி விழா, பரிசளிப்பு விழா. வன்னியில் எந்தப் பாடசாலை மைதானத்தில் நின்று பார்த்தாலும் படம் எடுப்பவர்கள் பலர். பொறுப்பாசிரியர் எடுப்பார், பட்டணத்து ஸ்ரூடியோக்காரர் எடுப்பார், வெளிநாட்டிலுள்ள பழைய மாணவருக்காக ஒருவர் நேரலை விடுவார், பிரதம விருந்தினரோடு வந்தவரும் எடுப்பார். இதற்குப் பெற்றாரிடம் முறையாக அனுமதி கேட்க நினைக்கும் அதிபருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, தரம் 1 அனுமதிப் படிவத்தில் ஒரு வரியைச் சேர்ப்பது: "பாடசாலை நிகழ்வுகளில் எனது பிள்ளையைப் படம் எடுக்கச் சம்மதிக்கிறேன்." வேலை அன்றோடு முடிந்துவிடும், அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் பெற்றார் அந்த நேரத்தில் எதை நீட்டினாலும் கையொப்பம் வைப்பார்கள். ஐந்து வயதில் பட்டாம்பூச்சி உடுப்போடு மேடை ஏறிய பிள்ளைக்கு வைத்த கையொப்பம், பதினான்கு வயதில் ஓட்ட உடையோடு மைதானத்தில் நிற்கும் அதே பிள்ளைக்கும் செல்லுமா? அன்று கையொப்பமிட்டவர் இன்று பிள்ளையோடு இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவது: "நிகழ்வில் படங்கள் எடுக்கப்படும். ஆட்சேபனை உள்ளவர்கள் அறியத்தரவும்." பதில் சொல்லாதவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகக் கணக்கு. குழுவில் இருக்கும் இலக்கம் கட்டாருக்குப் போன தகப்பனுடையது, பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா, அவரிடம் இருப்பது பட்டன் போன். இப்படியான வீடு நம் பகுதியில் அரிதல்ல. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மௌனத்தைச் சம்மதமாக ஏற்கவில்லை. எழுத்தாலோ தெளிவான ஒரு செயலாலோ சம்மதம் காட்டப்பட வேண்டும் என்கிறது. பிள்ளைகள் பற்றிய தரவை விசேட கவனிப்புக்குரிய வகையில் வைக்கிறது. அச்சட்டத்தின் பெரும்பகுதி 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து பின்போடப்பட்டது. அதற்காகப் பாடசாலையும் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாள். அதில் "படம் எடுக்கலாமா" என்ற ஒற்றைக் கேள்வி இராது. எடுத்த படம் எங்கெங்கே போகலாம் என்று தனித்தனியாகக் கேட்கப்படும். நான் இதையே தேர்வேன். வட்ஸ்அப் செய்தியை நிகழ்வுக்கு முந்தின கிழமை நினைவூட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெற்றாருக்குப் படத்தின் மேல் வெறுப்பு இல்லை. இடம்பெயர்வில் கல்யாண அல்பத்தையும் பிள்ளைகளின் படங்களையும் இழந்த குடும்பங்கள், பிள்ளை பரிசு வாங்கும் படத்துக்கு ஏங்குகின்றன. அந்தப் படம் வகுப்புக் குழுவுக்கு வருவதற்கு ஆம் என்பவரே அது முகநூலுக்குப் போவதற்கு இல்லை என்பார். ஒற்றைக் கேள்வியில் அவர் இரண்டில் ஒன்றை இழக்கிறார்.

தனியாகக் கேட்க வேண்டியவை நான்கு: பாடசாலைச் சுவரும் சஞ்சிகையும், வகுப்புப் பெற்றார் குழு, முகநூலும் நேரலையும், கடைசியாக நன்கொடையாளருக்கு அனுப்பும் படம். முதல் மூன்றிலும் சிக்கல் குறைவு. நான்காவதில்தான் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

சப்பாத்து, சைக்கிள், கொப்பி, காலை உணவு என்று புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் ஊர்ச் சங்கங்களும் நிறையவே செய்கின்றன. அவர்கள் ஆதாரம் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் பதாகைக்கு முன் பிள்ளையை நிறுத்தி, பொருளைக் கையில் கொடுத்து, "தந்தையை இழந்த மாணவி" என்று கிராமத்தின் பெயரோடு முகநூலில் ஏற்றினால், அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதை முழு ஊருக்கும் போய்விடும். வகுப்பில் அவள் "உதவி வாங்கினவள்" ஆகிவிடுவாள். தகப்பன் யார், என்ன ஆனார் என்பதை வெளியில் சொல்ல விரும்பாத குடும்பங்கள் இங்கே இருக்கின்றன, அதற்கான காரணத்தை விளக்கவும் தேவையில்லை. கணக்கு காட்ட வேறு வழி உண்டு. கடைப் பற்றுச்சீட்டு, அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒப்பமிட்ட விநியோகப் பட்டியல், அடுக்கி வைத்த பொருட்களின் படம், முகம் தெரியாமல் பின்பக்கமாக எடுத்த ஒரு படம். இவை போதாது என்று சொல்லும் நன்கொடையாளரிடம் அதிபர் நேரே பேச வேண்டும்.

இந்தக் கேள்வியைப் பொருள் கொடுக்கும் மேசையில் வைத்துக் கேட்கக் கூடாது. சைக்கிள் முன்னால் நிற்கும்போது எந்தத் தாய் இல்லை என்பாள்?

நெடுங்கேணிப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு முன் கடிதம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள பெற்றார் / பாதுகாவலருக்கு,

இந்த ஆண்டு பாடசாலை நிகழ்வுகளில் உங்கள் பிள்ளையின் படம் எடுக்கப்படலாம். பொறுப்பாசிரியரும் பாடசாலை அழைக்கும் படப்பிடிப்பாளரும் எடுப்பார்கள். அதை எங்கே பயன்படுத்தலாம் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்பதைச் சுற்றி வட்டமிடுங்கள்.

1. பாடசாலைச் சுவர், சஞ்சிகை: ஆம் / இல்லை
2. வகுப்புப் பெற்றார் வட்ஸ்அப் குழு: ஆம் / இல்லை
3. பாடசாலை முகநூல், நேரலை (யாரும் பார்க்கலாம்): ஆம் / இல்லை
4. உதவி வழங்கியோருக்கு அனுப்புதல்: ஆம் / இல்லை

படத்தோடு பிள்ளையின் முழுப் பெயர், கிராமம், குடும்ப நிலை எதையும் எழுதமாட்டோம். பரிசு பெற்ற பிள்ளையின் பெயரைப் போடுவதாக இருந்தால் உங்களைத் தனியாகக் கேட்போம்.

படங்கள் அதிபர் அலுவலகக் கணினியிலும் பூட்டிய அலுமாரியிலுள்ள ஒரு வன்தட்டிலும் இருக்கும். அதிபரும் பொறுப்பாசிரியரும் மட்டும் திறக்கலாம். ஆசிரியர்களின் போனில் உள்ளவை 7 நாளுக்குள் அழிக்கப்படும். சஞ்சிகைக்கும் பாடசாலை வரலாற்றுக்கும் தெரிந்தெடுத்தவை தவிர மற்றவை ஆண்டு முடிவில் அழிக்கப்படும்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் பிள்ளை நிகழ்வில் பங்குபற்றலாம், உதவிப் பொருளும் குறையாமல் கிடைக்கும். மனம் மாறினால் எப்போதும் அதிபரிடம் சொல்லலாம். பார்வையாளர்கள் தங்கள் போனில் எடுப்பதைப் பாடசாலையால் முழுமையாகத் தடுக்க முடியாது."

கடைசி வரியை வெட்டச் சொல்லும் ஆசிரியர் இருப்பார். வெட்ட வேண்டாம். காக்க முடியாததைக் காப்போம் என்று எழுதினால், அடுத்த நாளே யாரோ ஒருவரின் ஸ்ரேற்றஸில் படம் வரும்போது கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும்.

கையொப்பம், பாடசாலைப் பதிவில் பாதுகாவலராக உள்ளவருடையதாக இருக்க வேண்டும். சிறுவர் இல்லத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இல்லப் பொறுப்பாளரைக் கேட்க வேண்டும், பிள்ளையின் முகவரியாக இல்லத்தின் பெயர் எங்கும் வரக் கூடாது. தரம் 6க்கு மேல் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். தாய் ஆம் என்றும் பிள்ளை வேண்டாம் என்றும் சொன்னால் பிள்ளையின் சொல்லையே எடுங்கள்.

திரும்பி வந்த தாள்களைப் பார்த்தாலே கடிதம் வேலை செய்ததா என்று தெரியும். நான்கு கேள்விக்கும் எல்லோரும் ஆம் என்றால் மகிழ வேண்டாம். வகுப்புத் தலைவன் எல்லோர் முன்னிலையிலும் தாள்களைச் சேர்த்திருக்கலாம், அல்லது வகுப்பறையில் ஒரே பேனாவால் நிரப்பியிருக்கலாம். மூன்றாவதிலும் நான்காவதிலும் சில இல்லைகள் வந்திருந்தால் பெற்றார் வாசித்திருக்கிறார்கள். தாள் திரும்பாத பிள்ளைக்கு நான்குமே இல்லை.

இனி வைப்பிடம். ஆசிரியரின் சொந்தப் போனில் விடுவதுதான் இப்போது பெரும்பாலும் நடப்பது, அதுவே மோசமான தேர்வும். வன்னியில் கற்பிக்கும் ஆசிரியர்களில் பலர் வெளிமாவட்டத்தவர். இடமாற்றம் கிடைத்ததும் போனும் அவரோடு போய்விடும். Google Photos தானாகச் சேமிக்கும்படி இருந்தால் படங்கள் அவருடைய சொந்தக் கணக்கில் ஏறியிருக்கும். அழித்தாலும் அங்கே குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், ஆகவே "அழித்துவிட்டேன்" என்றால் அதையும் வெறுமையாக்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது தேர்வு, பாடசாலையின் பெயரில் ஒரு கூகுள் கணக்கு. 15 ஜிபி வரை இலவசம், கணினி பழுதானாலும் படம் தப்பும். ஆனால் பகிரும்போது `Anyone with the link` என்று விட்டால் இணைப்பு கிடைத்த எவரும் திறக்கலாம். `Restricted` என்று இருக்க வேண்டும். கடவுச்சொல் ஒரே ஆசிரியரின் தலையில் மட்டும் இருந்தால் இடமாற்றத்தில் அதுவும் போய்விடும். மூன்றாவது, அலுவலகக் கணினியும் வன்தட்டும். இணையம் மெதுவான இடங்களுக்கு இதுவே பொருத்தம், விளையாட்டுப் போட்டி வீடியோவை ஏற்ற நாள் முழுதும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிரதி மட்டும் வைத்தால் வன்தட்டு விழுந்த அன்று எல்லாம் போய்விடும் என்பதால் கடிதத்தில் இரண்டு இடம் எழுதினேன். எதைத் தேர்ந்தாலும் கடிதத்தில் எழுதியதும் உண்மையில் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வைப்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015 ஜனாதிபதித் தேர்தலில் வெளிவந்த ஒரு பிரசுரத்தில் வேட்பாளரோடு பாடசாலைச் சீருடையில் பிள்ளைகள் நிற்கும் படம் இருந்தது. 2009இல் காணாமற்போன தன் மகள் அதில் இருக்கிறாள் என்று வவுனியாவில் போராடிய தாய் ஒருவர் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் ஒரு படத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்புறைக்கும் திகதி, நிகழ்வு, எடுத்தவர் பெயர் கொண்ட ஒரு சிறு குறிப்பு இருக்கட்டும். பிள்ளைகளின் பெயர் அதில் வேண்டாம்.

நிகழ்வு நாளில் இல்லை என்ற பிள்ளைகளுக்கு ரிப்பனோ பட்டியோ கட்டி அடையாளப்படுத்தாதீர்கள், இல்ல நிறங்களுக்கு நடுவில் அது உடனே கண்ணில் படும். எல்லோரையும் ஓட விடுங்கள், எல்லோரையும் எடுங்கள், பிரிப்பதைப் பிறகு செய்யுங்கள். பொறுப்பாசிரியர் திறந்து காட்ட, வகுப்பாசிரியர் பட்டியலோடு இருந்து பார்த்தால் ஒரு மாலையில் முடியும். குழுப்படத்தில் அப்படியொரு பிள்ளை இருந்தால் அந்தப் படம் சுவருக்கும் போகாது, முகநூலுக்கும் போகாது. அதற்காகவே அவர் இல்லாத ஒரு படத்தையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும், அவரை வரிசையிலிருந்து விலகச் சொல்லாமல். பரிசு மேடையை ஒரு கமராவும் பார்வையாளர் பக்கத்தை இன்னொன்றும் பார்த்தால் நேரலையில் எதைக் காட்டுவது என்று தெரிவு செய்யலாம். ஒரே போனில் விடும் நேரலைக்கு அந்த வசதி இல்லை, அப்படியானால் நேரலையைக் கைவிட்டுப் பிறகு வெட்டித் தொகுத்துப் போடுவதே நல்லது.

ஸ்ரூடியோக்காரருக்குக் காசு கொடுக்கும் முன் பற்றுச்சீட்டிலேயே இரண்டு வரி எழுதி அவர் கையொப்பத்தை வாங்குங்கள்: எல்லாப் படமும் பாடசாலைக்கே, அவருடைய பக்கத்தில் விளம்பரமாகப் போடுவதில்லை, கையளித்து ஒரு மாதத்தில் தன் பிரதியை அழிப்பார்.