மண்சரிவு அறிக்கை கைக்கு வந்த பிறகு: லயத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் மண்சரிவு ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்துப் போன பிறகு, இறம்பொடை மாதிரியான சரிவுப் பகுதிகளில் இருப்பவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை வாங்கிக் கோப்பில் போட்டு வைத்தால் போதாது.

1. முதலில் அறிக்கையின் பிரதியைத் தமிழில் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

2. பென்சிலை எடுத்து, 'நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்' என்று முடிகிற வரிகளுக்கெல்லாம் கோடு போடுங்கள். எடுப்பது யார் என்று அந்த வரியில் இருக்காது. ஒரு கொப்பியில் நாலு கட்டம் போட்டு, குறை, செய்யவேண்டிய வேலை, பொறுப்பாளி, திகதி என்று எழுதுங்கள். பொறுப்பாளி என்ற இடத்தில் 'லயத்து ஆட்கள்' என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். ஓர் ஆளின் பெயர் இருக்கவேண்டும்.

3. உதாரணத்துக்கு ஆறு வீட்டு லயம் ஒன்றை எடுப்போம். 'பின்பக்க மண்மேட்டின் அடியில் நீர் தேங்குகிறது' என்கிறது அறிக்கை. இது ஒரு குறை போலத் தெரியும். உண்மையில் மூன்று வேலை. அடைபட்ட கானைத் துப்புரவாக்குவது லயத்தின் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். குசினித் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் மேட்டில் விழாமல் குழாய் போட்டுக் கானுக்கு விடுவது அந்தந்த வீட்டின் வேலை, இரண்டு வாரம் கொடுக்கலாம். கூரைத் தண்ணீருக்குப் பீலி போடுவதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். திகதிகளை மே மாதத் தென்மேற்குப் பருவமழையிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுங்கள்.

4. 'தடுப்புச் சுவர் தேவை' என்ற வரியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். லயமும் நிலமும் உங்கள் பெயரில் இல்லை. பொறியியலாளர் இல்லாமல் கட்டுகிற சுவர் தண்ணீரை உள்ளே அடைத்து மேட்டையே தள்ளிவிடவும் கூடும். உங்கள் வேலை கடிதம் எழுதுவதுதான். முகாமையாளருக்கு எழுதி, பிரதேச செயலகத்துக்குப் பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் கேட்டுத் திரும்பப் போகும் நாளையும் கொப்பியில் எழுதுங்கள். சுவர் வரும்வரை மேட்டுப்பக்க அறையில் யாரும் படுக்கக்கூடாது. இந்த வேலைக்கு மட்டும் திகதி இன்று.

5. மேட்டில் வெடிப்பு என்று எழுதியிருந்தால், வெயில் நாளில் மழைநீர் இறங்காதபடி களிமண்ணை இடித்து அடைக்கலாம். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்து, உச்சியில் ஆணி வைத்து, கிழமைக்கொரு தடவை ஆணிக்கு ஆணி அளந்து எழுதுங்கள். இடைவெளி கூடினால் கொப்பியை மூடிவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள், 117க்குச் சொல்லுங்கள்.

6. 'கனமழையில் வெளியேறவும்' என்கிறார்கள். கனமழை என்பது எவ்வளவு? பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டிப் புனல்போலக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பள்ளத்தைக் கூழாங்கல்லும் சீமெந்தும் போட்டு மட்டமாக்குங்கள். கூரையும் மரமும் இல்லாத வெட்டவெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் மில்லிமீற்றர் அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் ஆனால் விழிப்பு. 100 ஆனால் மூட்டை கட்டித் தயார். 150 ஆனாலோ ஒரே மணி நேரத்தில் 75 ஆனாலோ வெளியே. அளப்பவருக்கு ஒரு மாற்றாளும் வேண்டும். கொழுந்து மலைக்குப் போனவர் மழையை அளக்க வரமுடியாது.

7. மழை அளவு குறைவாக இருந்தாலும், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, ஓடிய ஊற்று நின்றாலோ, மரம் சாய்ந்தாலோ, கதவு நிலை இறுகினாலோ போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

8. கானை வெயிலில் பார்த்து 'முடிந்தது' என்று எழுதுவது பலரும் செய்கிற தவறு. அடுத்த நல்ல மழையில் குடையோடு போய், தண்ணீர் லயத்தைத் தாண்டி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

9. பாதை, பொதுக் கான் போன்ற வேலைகளைப் பிரதேச சபையிடம் கேட்கத் தயங்கவேண்டாம். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்ற பழைய பதில் 2018இல் வந்த பிரதேச சபைச் சட்டத் திருத்தத்தோடு போயிற்று.