கையா, காலா, மின்சாரமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் அக்கா தன் குழந்தையுடன் ஸ்ரீரங்கத்திலுள்ள எங்கள் வீட்டிற்கே திரும்பி வந்துவிட்டாள். அதன் காரணம் இக்கட்டுரைக்கு வேண்டாதது. அக்காவுக்குத் தையல் தெரியும். ஆறு மாதம் முறையாகப் படித்தவள். அம்மா பூக்கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய இரண்டு வளையல்களை அடகு வைத்து ஒரு தையல் மெஷின் வாங்குவது என்று முடிவாயிற்று. கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் நான் என்பதால், "நீ சயின்ஸ் படிக்கிறவன், எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லுடா" என்று அம்மா அப்பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். அப்போது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் தெப்பக்குளம் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தோம். ஒரு கடைக்காரர், பல வகைத் தையல் போடும் பிளாஸ்டிக் உடல் கொண்ட மின்சார மெஷினையே வாங்கச் சொன்னார். "இப்ப யாரும்மா காலால மிதிக்கிறாங்க?" என்றார். அக்காவுக்கும் ஆசைதான். நான் அன்று பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் கை மெஷின் ஒன்று கிடந்தது. சக்கரம் அசையவில்லை. துரு என்று நினைத்தோம். வந்து பார்த்த மெக்கானிக் சிரித்தார். ஆண்டுக்கணக்கில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காய்ந்து பிசினாகி இணைப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. துளைகள்தோறும் மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மெல்ல ஆட்டி, அழுக்கைத் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய் விட்டார். சக்கரம் சுழன்றது. (அதன் பின் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் அடுப்படியோடு சரி.)

அவர் சொன்ன ஒரு செய்திதான் என் குழப்பத்தைத் தீர்த்தது. கறுப்பு இரும்புத் தலை கொண்ட இவ்வகை மெஷின்களில் கை மெஷின், கால் மெஷின், மோட்டார் மெஷின் என்று மூன்று மெஷின்கள் இல்லை. தலை ஒன்றே. ஊசி, ஷட்டில், பாபின், துணியை நகர்த்தும் பல் எல்லாம் அதே. வலப்புறச் சக்கரத்தைச் சுற்றுவது கையா, காலா, மோட்டாரா என்பதுதான் வேறுபாடு. ஆகவே முதலில் தலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுற்றும் வழியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் மோட்டார் பூட்ட விரும்பினால், தலையின் பின்புறம் அதற்கான திருகுத் துளை இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எது வேகம்? இதை அளந்து பார்த்தேன். அக்கா தைத்த ஒரு லைனிங் ஜாக்கெட்டின் தையல்களையெல்லாம் டேப்பால் அளந்து கூட்டினால் ஏறக்குறைய 12 மீட்டர் வந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு 4 தையல் வீதம் 4,800 தையல்கள். பாட்டியின் மெஷினில் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஊசி மூன்று முறை இறங்குகிறது. நிமிடத்திற்கு 100 சுற்று என்றால் 300 தையல். ஜாக்கெட்டிற்கு 16 நிமிடம். அடுத்த தெரு அத்தை வீட்டுக் கால் மெஷினில் பெரிய சக்கரத்தின் பள்ளத்தில் நூலைச் சுற்றி அளந்தேன்: சுற்றளவு 94 சென்டிமீட்டர். மேலுள்ள சிறிய சக்கரத்தில் 23. எனவே ஒரு மிதிக்கு நான்கு தையல். நிமிடத்திற்கு 100 மிதியில் 400. ஜாக்கெட் 12 நிமிடம். மோட்டார் இதைப்போல் இரு மடங்கு ஓடுகிறது என்று கொண்டால் 6 நிமிடம்.

வியப்பு என்னவென்றால், அக்காவுக்கு ஒரு லைனிங் ஜாக்கெட் முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகிறது. அளவெடுத்து வெட்டுவது, லைனிங்கைப் பொருத்துவது, கொக்கி கட்டுவது, கையால் ஓரம் அடிப்பது என்றே பொழுது போகிறது. மோட்டார் மிச்சப்படுத்துவது அதில் ஆறு நிமிடந்தான்!

அப்படியானால் கை மெஷினே போதாதா? போதாது. காரணம் வேகமன்று. வலக்கை கைப்பிடியைச் சுற்றுவதால் துணியை நடத்த இடக்கை ஒன்றுதான் மீதம். நேர்த்தையல் போடலாம். ஆனால் கைக்குழியும் கழுத்தும் வளைவுகள். அங்கே ஒரு கை துணியைத் திருப்ப, மறு கை மடிப்பைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். அக்கா பாட்டியின் மெஷினில் ஒரு கழுத்தை மூன்று முறை பிரித்துத் தைத்தாள். காசு கொடுத்துத் தைப்பவர் சுருங்கிய கழுத்தை ஏற்பாரா? 1924-இல் இயந்திரங்களைப் பற்றிப் பேசியபோது காந்தியடிகள் சிங்கர் தையல் இயந்திரத்திற்கு விலக்கு அளித்தார் என்பது பலரும் அறிந்ததே. அவர் நினைவில் இருந்தது கையா காலா என்று நான் அத்தருணத்தில் யோசித்தேன்!

கால் மெஷின் பழகுவோர்க்கு முதலில் வரும் தொல்லை, சக்கரம் தலைகீழாகச் சுற்றுவது. மிதிபலகையின் தண்டு மேலே அல்லது கீழே கடைசிப் புள்ளியில் நிற்கும்போது மிதித்தால் சக்கரம் எப்பக்கமும் போகலாம், போகாமலும் இருக்கலாம். பின்னோக்கிச் சுற்றினால் நூல் அடியில் சிக்கி அறுந்துவிடும். எனவே வலக்கையால் சிறிய சக்கரத்தைத் தன் பக்கமாக ஒரு திருப்புத் திருப்பிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். சக்கர நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாது, சக்கரம் மட்டும் சுழலும். அப்படி இரண்டு நாள் வெறுமனே மிதித்துப் பழகச் செய்தோம். சக்கரம் சுழன்றும் ஊசி தயங்கினால் தோல் பெல்ட் நீண்டுவிட்டது என்று பொருள். சிறிது வெட்டிக் கம்பியால் மீண்டும் இணைத்தால் சரியாகும்.

மோட்டாரை இழிவாகச் சொல்வதற்கில்லை. அக்காவுக்குப் பின்னர் 100 துணிப்பைகளுக்கு ஆர்டர் வந்தது. பை ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் நேர்த்தையல்; ஆக 250 மீட்டர், ஒரு இலட்சம் தையல். காலால் என்றால் 25,000 மிதி, நான்கு மணி நேரத்திற்கும் மேல். மோட்டாரில் இரண்டு மணி நேரம். பாவாடை, நைட்டி, திரைச்சீலை போன்ற நீண்ட தையல்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மோட்டார்தான் வழி. மின்கட்டணம் ஒரு பொருட்டன்று: 100 வாட் மோட்டார் நாளொன்றுக்கு நான்கு மணி வீதம் 25 நாள் முழு வேகத்தில் ஓடினாலும் 10 யூனிட்தான். கவனிக்க வேண்டியவை வேறு. பெல்ட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் தாழ வேண்டும். விறைப்பாகப் பூட்டினால் மோட்டார் சூடாகும். தீய்ந்த வாடை வந்தாலும், உள்ளே பொறி பெரிதாகப் பறந்தாலும் நிறுத்திவிட்டு கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். கழுவிய ஈரத் தரையில் பெடலை வைக்கவே கூடாது.

வளையல் பணத்தில் நாங்கள் வாங்கியது ஸ்டாண்டோடு கூடிய கால் மெஷின். கடையில் தலையைத் தட்டிப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி எங்காவது பிடிக்கிறதா என்று பார்த்தோம். ஊசி துளையின் நடுவில் இறங்குகிறதா என்று பார்த்தோம். கொண்டுபோன இரண்டு துண்டுத் துணியைத் தைத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். முதல் மெஷினில் அடியில் கண்ணி கண்ணியாக நூல் தொங்கியது. கடைக்காரப் பையன் பாபினைக் குறை சொன்னான். அக்கா மேல் நூலை எடுத்து மறுபடி கோத்தாள். அது டென்ஷன் தட்டுகளுக்கிடையே இறங்காமல் வெளியே கிடந்தது. பிறகு தையல் சீராக வந்தது. அந்த மெஷினையே எடுத்துக்கொண்டோம்.

ஏழாம் மாதம் முதல் வளையல் மீண்டது. இரண்டாவதை மீட்பதற்கு முன் அக்கா மோட்டார் வாங்கிப் பின்புறத் துளையில் பூட்டிவிட்டாள். பைகளுக்கு மட்டும் அதை ஓட்டுகிறாள். தோல் பெல்ட் ஸ்டாண்டின் ஆணியில் தொங்குகிறது. மின்தடை நாளில் அதை மாட்டிக்கொள்கிறாள். கழுத்து வளைவுக்கு இன்றும் கால்தான். "அது நான் நினைச்ச இடத்துல நிக்குதுடா" என்கிறாள்.