‘30,000 வரை’ என்றால் எவ்வளவு?

சிவகாசியில் சேல்ஸ் வேலைக்கு வரும் விளம்பரங்களில் ‘மாதம் 30,000 வரை சம்பாதிக்கலாம்’ என்ற வரியைப் பார்த்தால் என் கண் ‘வரை’யில்தான் நிற்கும். பெரும்பாலும் பாதி நிலையான சம்பளம், மீதி இன்சென்டிவ். காலண்டர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தவன் என்ற முறையில் அந்த மீதிப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன்.

காலண்டர் தொழிலில் ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வரும். அதன்பிறகுதான் ஆர்டர். பார்ட்டி கொஞ்சம் அட்வான்ஸ் தருவார், சரக்கு போய்ச் சேர்ந்தபின் மீதி. தை பிறந்த பிறகும் இழுப்பவர்கள் உண்டு. ஆனால் டார்கெட்டை மட்டும் பல இடங்களில் வருடத்தைப் பன்னிரண்டாக வெட்டி, மாதாமாதம் ஒரே அளவாக வைத்துவிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 15,000. மாத டார்கெட்டை முழுதாக எட்டினால் இன்சென்டிவ் 15,000, எண்பது சதவீதம் தாண்டினால் அதில் பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அதுவும் பில் போட்டதற்கு அல்ல, கைக்கு வந்த வசூலுக்கு. கெட்டிக்காரர் ஒருவர் அக்டோபரில் எண்பதைத் தாண்டுகிறார். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றிலும் முழு டார்கெட். மற்ற எட்டு மாதமும் பூஜ்யம். ஆண்டுக்கு இன்சென்டிவ் 52,500. விளம்பரம் காட்டியது 1,80,000. ஆக, மாதச் சராசரி வருமானம் 19,375தான். சீசனில் நன்றாக ஓடியவருக்கே இந்தக் கதி.

பட்டாசில் இன்னும் மோசம். விற்பனை பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித்தான்; கடனுக்குப் போன சரக்கின் பணம் அதற்கப்புறம் வரும். 2018 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பசுமைப் பட்டாசு மட்டும், இரண்டு மணி நேரம் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படி ஒரு உத்தரவு வந்தால் பார்ட்டி ஆர்டரைக் குறைப்பார். ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய டார்கெட் தானாகக் குறையாது. இதற்கு மாறாக, விருதுநகர் பருப்பு, எண்ணெய் லைனில் வியாபாரம் வருடம் முழுக்க ஓடுவதால் இன்சென்டிவ் சிறிதானாலும் ஓரளவு சீராக வரும்.

அதனால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணாச்சி, போன வருஷம் எத்தனை பேர் முழு இன்சென்டிவ் வாங்கினாங்க? மாசி, பங்குனியில எவ்வளவு வந்துச்சு?” வசூலுக்கா பில்லுக்கா என்பதையும், பழைய ஆள் விட்டுப்போன பாக்கி உங்கள் தலையில் விழுமா என்பதையும் கேளுங்கள். இடையில் வேலையை விட்டால், நீங்கள் பிடித்த ஆர்டரின் பணம் பின்னால் வரும்போது உங்கள் பங்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

பதில் மழுப்பலாக வந்தால் இன்சென்டிவ் பேச்சை விட்டுவிட்டு, நிலையான சம்பளத்தை 20,000 ஆக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள். மேலே போட்ட கணக்குப்படி, அந்த 20,000 விளம்பரத்தின் 30,000ஐவிடக் கூடுதல்.