பாக்கி எங்கே நிற்கிறது?

ஆண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, சிறு பதிப்பகங்களின் புத்தகம் என்று பக்க வடிவமைப்பு செய்வது என் தொழில். மாதச் சம்பளம் கிடையாது. எந்த நேரத்திலும் நாலைந்து இடங்களில் பணம் நின்றுகொண்டிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை மாலையில், வேறு வேலை தொடும் முன், அந்த வாரத்துக்கான கணக்குக் குறிப்பை எழுதிவிடுவேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

அதில் மூன்று பகுதிகள். முடித்துக் கொடுத்தும் பில் போடாத வேலைகள், பில் போட்டும் வராத பணம், இந்த வாரம் வந்த பணம். முதல் பகுதியைத்தான் பலர் எழுதுவதில்லை. ஆனால் பணம் அதிகம் தாமதமாவது அங்கேதான். பில் போகாதவரை கெடு ஓடத் தொடங்காது. வேலை வாங்கியவரின் கணக்கில் நமக்குப் பாக்கி என்று ஒன்றும் இருக்காது. “கடைசித் திருத்தம் ஒன்று வரும், அதற்குப் பிறகு பில் போடலாம்” என்று விட்ட வேலை அப்படியே மாதக்கணக்கில் கிடக்கும். இப்போது வேலை பேசும்போதே, கோப்பைக் கொடுத்து ஏழு நாளில் திருத்தம் வரவில்லையென்றால் பில் அனுப்புவேன் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது பகுதியில் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி. தொகையும் தேதியும் மட்டும் எழுதினால் அது வெறும் பட்டியல். ஒரு பைசாவும் நகராது. பில் இப்போது யார் மேசையில் இருக்கிறது, அடுத்து யாரிடம், எந்தத் தேதியில், என்ன கேட்க வேண்டும் என்பதையும் அந்த வரியிலேயே எழுதுகிறேன். ஒரு நிறுவனத்துக்குச் செய்த கையேட்டுக்கான வரி இப்படி இருந்தது:

பயிற்சிக் கையேடு. பில் ஜூன் 2. தொகை 60,000, கைக்கு 54,000. கெடு ஜூலை 2. இருப்பது மேலாளரிடம். ஜூன் 13: அக்கவுண்ட்ஸில் பதிவானதா?

ஒப்பந்தப்படி பில் தேதியிலிருந்து 30 நாள். ஜூன் 13 அன்று மேலாளரிடம் கேட்டேன். “அன்னைக்கே ஃபார்வர்ட் பண்ணிட்டேனே” என்றார். அக்கவுண்ட்ஸில் கேட்டால் வேறு கதை. பில்லில் பிஓ எண் இல்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த எண்ணை எனக்கும் யாரும் தரவில்லை, பில் நிற்கிறது என்று மேலாளரிடமும் யாரும் சொல்லவில்லை. அவர் பர்ச்சேஸ் பிரிவில் எண்ணை வாங்கித் தந்தார். அதே பில் எண்ணில், அதே தேதியில், பிஓ எண்ணைச் சேர்த்து அனுப்பினேன். 17ஆம் தேதி பதிவானது.

அங்கே இன்னொரு விஷயமும் தெரிந்தது. அவர்கள் 30 நாளைப் பதிவான தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். பணம் விடுவது மாதத்தில் 10, 25 ஆகிய இரண்டே நாட்கள். அந்தக் கணக்குப்படி ஜூலை 17 கெடு, ஜூலை 25 பணம். ஒப்பந்தத்தில் ‘பில் தேதியிலிருந்து’ என்று இருக்கும் வரியை அனுப்பிக் கேட்டேன். ஒத்துக்கொண்டு ஜூலை 10 பட்டியலில் சேர்த்தார்கள். கெடு முடிந்து ஜூலை 3 அன்று முதல் முறை கேட்டிருந்தால், பதிவே அதற்குப் பிறகுதான் நடந்திருக்கும். அவர்கள் கணக்குப்படி ஆகஸ்ட் 10க்கு முன் பணம் வந்திருக்காது. நினைவூட்டல் கெடுவுக்குப் பிறகு அனுப்புவது என்ற பழக்கத்தை விட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். முதல் கேள்வி பில் போன பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் போக வேண்டும். அது பணம் கேட்பது ஆகாது, பில் பதிவானதா என்று கேட்பது. யாருக்கும் சங்கடம் இல்லை.

இரண்டாவது கேள்வி கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு. அதை இப்படி எழுதுகிறேன்: “வணக்கம் சார். கையேட்டுக்கான பில், 60,000 ரூபாய். ஜூலை 10 பட்டியலில் இது இருக்கிறதா? வேறு ஏதாவது ஆவணம் தேவைப்பட்டால் இன்றே அனுப்பிவிடுகிறேன்.” “பேமெண்ட் எப்போ வரும்?” என்று கேட்டால் “சீக்கிரம்” என்று பதில் வரும். இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் அவர் பட்டியலைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

பில் தொகையையும் கைக்கு வரும் தொகையையும் தனித்தனியே எழுதுவதற்குக் காரணம் டிடிஎஸ். தொழில்முறைச் சேவைக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். 54,000 வந்த அன்று பாக்கி 6,000 என்று எழுதினால் தவறு. வந்துவிட்டது என்று வரியை அடித்துவிட்டாலும் தவறு. அந்த 6,000 நம் பெயரில் அரசுக்குப் போக வேண்டிய பணம். அதை மூன்றாவது பகுதியின் அடியில் தனியாக வைக்கிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்ததற்கு நிறுவனம் ஜூலைக் கடைசிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஜூலையில் பிடித்தது அடுத்த காலாண்டில் வரும். அதற்கு அக்டோபர் கடைசி. அதற்குப் பிறகு வருமான வரித் தளத்தில் நம் பான் கணக்கில் அந்தத் தொகை தெரிய வேண்டும். தெரிந்த பிறகே வரியை அடிப்பேன். தெரியவில்லையென்றால் பான் எண் தவறாகப் பதிவாகியிருக்கலாம், அல்லது பிடித்ததைக் கட்டாமல் இருக்கலாம். வருடக் கடைசியில் கண்டுபிடிப்பதைவிட அப்போதே கேட்பது எளிது.

கெடு தாண்டிவிட்டால் ஏழாம் நாள் தொலைபேசி, பதினைந்தாம் நாள் எழுத்தில் கடிதம். கெடு தாண்டிய ஒரு பில் நிற்கும்போது அதே இடத்தில் புது வேலை தொடங்குவதில்லை. இந்த இடத்தில் உத்யம் பதிவு உதவுகிறது. பானும் ஆதாரும் இருந்தால் போதும், கட்டணம் இல்லை. தனி ஆளாகச் சேவை செய்பவரும் குறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்றவருக்குப் பணம் கொடுப்பது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆகவே கோப்பைக் கொடுத்த மின்னஞ்சலின் தேதியையும் குறிப்பில் எழுதுங்கள். பணம் கேட்ட பிறகு திடீரென்று “தரம் சரியில்லை” என்று வரும் பேச்சுக்கு அந்தத் தேதிதான் பதில்.

வட்டி கேட்டு வழக்காடும் நிலைக்கு நான் போனதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண் இருப்பதே பாதி வேலையைச் செய்கிறது. காலம் கடந்து கொடுத்தால், கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரி விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதனால் மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவே பழைய பில்களைத் தேடும். பிப்ரவரிக் கடைசி வாரக் குறிப்பில், நிற்கும் எல்லா பில்களுக்கும் ஒரே நாளில் நினைவூட்டல் அனுப்பிவிடுவேன்.

இந்தக் குறிப்பால் தீராத பாக்கியும் உண்டு. கொடுக்கவே பணம் இல்லாதவரிடம் எந்தத் தேதியும் செல்லாது. தேதி சொல்வதை நிறுத்திவிட்டு “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லத் தொடங்கினால் அதுதான் அடையாளம். அந்தத் தொகையை அடுத்த மாதச் செலவுக்கான கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வேறொரு பக்கத்தில் எழுதித் தவணையாகவாவது கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை முதல் பகுதியை மட்டும் எழுதுங்கள்: முடித்தும் பில் போடாத வேலைகள். எழுதியதும் அன்றிரவே அவற்றுக்கு பில் அனுப்பிவிடுங்கள்.