புகையை விரட்டப் போய் வாசலைப் பூட்டிக்கொண்ட கதை

வெள்ளவத்தையில் கொத்துரொட்டிக் கடை வைத்திருக்கிறேன். புகை போகவில்லை என்று பெரிய எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டினேன். இப்போது புகையும் போகவில்லை, முன்கதவைத் திறப்பதும் கஷ்டமாக இருக்கிறது. இன்னும் பெரிய ஃபேன் வேண்டுமா?

வேண்டாம். கதவே பதில் சொல்லிவிட்டது: உங்கள் குசினிக்குள் காற்று வர வழியில்லை. வெளியே போகிற அளவு காற்று உள்ளே வராவிட்டால் எந்த ஃபேனும் இழுக்காது. கொத்துக் கல் மும்முரமாக இருக்கும்போது பின்கதவைத் திறந்து பாருங்கள். புகை நேராகக் கூண்டுக்குள் ஏறினால் குறை ஃபேனில் இல்லை.

சுவரோரக் கூண்டு 8 அடி நீளம் என்று வையுங்கள். கொத்துக் கல்லுக்கு அடிக்கு 300 கன அடி வீதம், நிமிடத்துக்கு 2,400 கன அடி காற்று வெளியேற வேண்டும். அதில் சுமார் 1,900 குசினிக்கு நேரே வெளியிலிருந்து வரட்டும். மெதுவாக நுழைய, ஏறத்தாழ 5 சதுர அடித் திறப்பு தேவை. வலை போட்டால் இன்னும் பெரிதாக்குங்கள். அந்தக் காற்று கூண்டின் விளிம்பில் அடித்தால் புகை கலைந்துவிடும், தள்ளி வையுங்கள். மீதி 500 சாப்பாட்டு மண்டபத்திலிருந்து வரும். வாசனை மேசைப் பக்கம் போகாது. ஏசிக் காற்றும் கொஞ்சம் போகும், அது விலைதான்.

குழாயையும் பாருங்கள். வளைவு குறைவாக, பற்றவைத்த இரும்பில், கூண்டுப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் துப்புரவு மூடி அவசியம். மெல்லிய சுருள் குழாய் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். அதன் மடிப்புகளில் தேங்கும் எண்ணெய்தான் தீப்பிடிக்கும்.